கொழிஞ்சாம்பாறையிலிருந்து சிப்ஸ் பார்சல்: கையால எழுதுறதா, தெர்மல் லேபிளா?

கொழிஞ்சை_மல்லிகா
எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில வீட்டுலயே நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை உப்பேரி, தட்டை எல்லாம் போட்டு விக்கறேன். ஆர்டர் வர்றது வாட்ஸ்அப்ல. நாளுக்குச் சராசரியா பத்து பார்சல், மாசத்துக்கு 250னு வெச்சுக்கலாம். பாதி ஸ்பீட் போஸ்ட்ல போகுது, பாதி கூரியர் ஆப் வழியா.

ஸ்பீட் போஸ்ட்டுக்கு என் மக வெள்ளைப் பேப்பர்ல விலாசம் எழுதி, மேல டேப் ஒட்டிக் குடுப்பா. கூரியருக்கு ஆப்ல வர்ற பிடிஎஃப்பைக் கடைத்தெருவுல பிரிண்ட் எடுத்து வெட்டி ஒட்டறோம். கடை பூட்டியிருந்தா அன்னைக்குப் பார்சல் நின்னு போகும்.

போன மழையில ஒண்ணு நடந்துச்சு. எங்க பக்கத்து ஊர் சித்தூருக்கு, அதாவது பாலக்காட்டுச் சித்தூர் 678101க்கு அனுப்பின பார்சல் ஆந்திரா சித்தூர் போய்த் திரும்பி வந்துச்சு. டேப் ஓரத்துல தண்ணி இறங்கி, ஜெல் பேனா மை கரைஞ்சு, பின்கோடுல முன்னாடி ரெண்டு எண் அழிஞ்சிருந்துச்சு. சிப்ஸ் நமுத்துப் போச்சு.

4 இஞ்சு தெர்மல் பிரிண்டர் ஒண்ணு 7,500 ரூபாய் சொல்றாங்க. 500 லேபிள் இருக்கற ரோல் 450. வாங்கறது தகுமா? ஸ்கேன் ஆகறதுல நிஜமாவே வித்தியாசம் இருக்கா?

வாளையார்_செந்தில்
அக்கா, கண்ணை மூடிட்டு வாங்குங்க. கையெழுத்தை மெஷின் படிக்காது, தெர்மல்னா அடிச்சா உடனே படிக்கும். நான் மொபைல் கவர் விக்கறேன், மூணு வருஷமா தெர்மல்தான். மை வாங்கற செலவு கிடையாது. ஒரே விஷயம், டார்க்னெஸ்ஸை மேக்ஸிமத்துல வெச்சிருங்க. எவ்வளவு கருப்பா இருக்கோ அவ்வளவு நல்லா ஸ்கேன் ஆகும். மேல டிரான்ஸ்பரன்ட் டேப் ஒண்ணு போட்டா மழைக்கும் கவலை இல்லை.

குமுளி_ஏலம்
எனக்கும் இதே பிரச்சனைதான். ஏலக்கா பாக்கெட்டுல எடை, விலை, பேக்கிங் தேதி எல்லாம் கையில எழுதினா கடைக்காரங்க வாங்க மாட்டேங்கறாங்க. கடையில பில் போடற 2 இஞ்சு பிரிண்டர் கிடக்கு. அதுலயே ஸ்டிக்கர் ரோல் போட்டு அடிக்கலாமா?

கொழிஞ்சை_மல்லிகா
அண்ணா, நான் கேட்டது பாக்கெட் மேல ஒட்டற லேபிள் இல்லீங்க, பார்சல் மேல ஒட்டற விலாச லேபிள்.

பழைய_ஹப்காரர்
கோயமுத்தூர்ல ஒரு கூரியர் பிரிப்பு மையத்துல ரொம்ப நாள் இருந்தேன். இப்போ பொள்ளாச்சியில பார்கோடு பிரிண்டர் சர்வீஸ் பண்றேன்.

மல்லிகாம்மா, உங்க கேள்விக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு, அதைப் பிரிச்சாத்தான் கணக்கு சரியா வரும்.

ஸ்பீட் போஸ்ட்டுல உங்க மக எழுதற விலாசத்தை ஸ்கேனர் தொடறதே இல்லை. கவுண்டர்ல ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டறாங்கல்ல, ஸ்கேன் ஆகறது அதுதான். அது அச்சடிச்சு வர்ற ஸ்டிக்கர். அதனால அந்தப் பாதிப் பார்சலுக்கு நீங்க தெர்மல்ல அடிச்சாலும் கையில எழுதினாலும் ஸ்கேன் ஒரே மாதிரிதான். அங்கே கையெழுத்து ஆபத்தாகறது மனுசன் படிக்கற இடத்துல.

கூரியர் ஆப்ல போற பாதிக்குத்தான் லேபிள்ல இருக்கற பார்கோடே உயிர். அங்கே கையால எழுதறதுங்கறதே ஒரு வழி இல்லை. எண்ணை மட்டும் அட்டையில எழுதிக் குடுத்தா, ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தர் தட்டிப் போடணும். கூட்டம் இருக்கற ராத்திரியில அப்படிப் பெட்டியை ஓரமா ஒதுக்கி வெச்சிருவாங்க, காலையில பாக்கலாம்னு.

செந்தில் தம்பி சொன்னதுல மை செலவு இல்லைங்கறது சரி. டார்க்னெஸ் விஷயம் தப்பு. அதைத் தனியா எழுதறேன்.

கவுண்டர்_அக்கா
நான் தபால் ஆபீஸ் கவுண்டர்ல இருந்து ஓய்வு பெற்றவ. ஹப்காரர் சொல்றது முழுக்கச் சரி. வரிசையில முப்பது பேர் நிக்கறப்ப நாங்க முதல்ல பாக்கறது பின்கோடு. அதைத் தட்டினா ஆபீஸ் பேரு தானா வந்திரும். 8ஐ 3னு படிச்சா பாலக்காடு 678 கோழிக்கோடு 673 ஆயிரும். சென்னையில 600017 தி.நகர், 600011 பெரம்பூர். கடைசி 7க்குக் கொண்டை போடாம நேரா இழுத்தா எந்தப் பக்கமும் போகலாம்.

இதுல முக்கியமானது ஒண்ணு இருக்கு. ஸ்பீட் போஸ்ட் எண்ணுல எழுத்து ரெண்டு, எண் ஒன்பது, கடைசியில IN வரும். அந்த ஒன்பதாவது எண் முன்னாடி இருக்கற எட்டையும் வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது. ஒரு எண்ணைத் தப்பாத் தட்டினா பெரும்பாலும் கம்ப்யூட்டர் ஏத்துக்காது. பின்கோடுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. தப்பாத் தட்டினாலும் அது நிஜமாவே வேற ஊரோட பின்கோடா இருந்துட்டா ஏத்துக்கும், பார்சலும் அங்கே போகும்.

உங்க சித்தூர் பார்சல்ல நான் சரியாத் தட்டியிருந்தாலும் பிரயோசனம் இல்லை. பை கட்டற இடத்துல ஆளுங்க மேல எழுதியிருக்கறதைப் பார்த்துத்தான் எறிவாங்க. 67னு இருந்தா கேரளா, 51னு இருந்தா ஆந்திரா. அந்த ரெண்டு எண்ணும் அழிஞ்சா மிச்சம் இருக்கறது ஊர்ப்பேரு. Chittoorனு எழுதியிருந்தா யாரும் ஆந்திராவைத்தான் நினைப்பாங்க.

கொழிஞ்சை_மல்லிகா
அக்கா, Chittoorனு தான் எழுதியிருந்தா. வாடிக்கையாளரே அப்படித்தான் அனுப்பியிருந்தாங்க.

கவுண்டர்_அக்கா
இனிமே Chittur, Palakkad, Keralaனு முழுசா எழுதச் சொல்லுங்கம்மா. பின்கோடை விலாசத்தோட ஒட்டாம கீழே தனி வரியில, விரல் அகலத்துக்குப் பெருசா, ஒவ்வொரு எண்ணுக்கும் இடம் விட்டு. ஜெல் பேனா வேண்டாம். பெர்மனன்ட் மார்க்கர் இல்லைன்னா சாதா பால் பாயின்ட். ரெண்டும் தண்ணியில கரையாது. தமிழ்ல மட்டும் எழுதின விலாசம் கேரளாவுக்குள்ள திணறும், ஆங்கிலத்துலயும் போட்டிருங்க.

நகரி_சேலை
நாங்க நகரி பக்கம், தறி வெச்சிருக்கோம். வீட்ல பேசறது தமிழ், பார்சல் போறது பெரும்பாலும் விஜயவாடா, ஹைதராபாத். தெர்மல் பிரிண்டர் வாங்கி ஓட்டிட்டிருக்கோம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நடுவுல ஒரு வாரம் பூரா எடுக்க வந்த பையன் "ஸ்கேன் ஆகல, ஸ்கேன் ஆகல"ன்னு திருப்பிக் குடுத்துட்டுப் போனான். பாத்தா லேபிள் நல்லா கருப்பாத்தான் இருக்கு. உத்துப் பாத்தா மேலேர்ந்து கீழ வரைக்கும் முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அது எதனால வருது?

பழைய_ஹப்காரர்
நகரியம்மா கேட்டது நல்ல கேள்வி. அதுலயே ஆரம்பிக்கறேன்.

தெர்மல் பிரிண்டர்ல மை கிடையாது. அச்சடிக்கற தலையில வரிசையா பொடிப்பொடிப் புள்ளிகள், மில்லிமீட்டருக்கு 8. சூடான புள்ளி பேப்பர் மேல இருக்கற பூச்சைக் கருப்பாக்கும். அதுல ஒரு புள்ளி மேல பசையோ தூசியோ ஒட்டினா, இல்லை அது செத்துப் போனா, பேப்பர் நகர்ற திசையில ஒரு வெள்ளைக் கோடு விழும். விலாசத்துல அது தெரியவே தெரியாது. பார்கோடோட கோடுகள் எந்தப் பக்கம் நிக்குதுங்கறதுதான் விஷயம். பேப்பர் நகர்ற திசையிலயே கோடுகளும் இருந்தா, அந்த வெள்ளை ஒரு கருப்புக் கோட்டை மேலிருந்து கீழ வரைக்கும் மெலிசாக்கிரும். ஸ்கேனரை எங்கே வெச்சாலும் படிக்காது. பார்கோடு குறுக்கே திரும்பியிருந்தா, வெள்ளைக் கோடு எல்லாக் கோட்டையும் ஒரே இடத்துல வெட்டும். அதுக்கு மேலயோ கீழயோ வெச்சுப் படிச்சுக்கலாம்.

முதல்ல பிரிண்டரை அணைச்சு, ஆற விட்டு, ஐசோபுரோப்பில் ஆல்கஹால்ல நனைச்ச பஞ்சால தலையைத் துடைங்க. நகத்தாலயோ கத்தியாலயோ சுரண்டாதீங்க. துடைச்சும் கோடு போகலைன்னா அந்தப் புள்ளி செத்தது. தலை மாத்தற வரைக்கும், வெள்ளைக் கோடு பார்கோடு மேல விழாம இருக்குமான்னு லேபிளைத் தலைகீழாத் திருப்பி அடிச்சுப் பாக்கலாம்.

இப்போ டார்க்னெஸ். சூடு கூடினா கருப்புக் கோடு ரெண்டு பக்கமும் வீங்கும், நடுவுல இருக்கற வெள்ளை இடம் சுருங்கும். ஸ்கேனர் கருப்பை மட்டும் படிக்கறதில்லை, வெள்ளையோட அகலத்தையும் அளக்குது. தம்பி, உங்க லேபிளைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாருங்க. மெல்லிசு வெள்ளை எல்லாம் அடைஞ்சிருக்கும். நடுவுல வெச்சு, கருப்பு திட்டுத்திட்டா இல்லாம வர்ற வரைக்கும் ஒவ்வொரு படியா ஏத்துங்க, அங்கேயே நிறுத்துங்க.

வாளையார்_செந்தில்
அண்ணா, எனக்கு மேக்ஸிமத்துல இது வரைக்கும் ஒரு பார்சல் கூட ஸ்கேன் ஆகாம திரும்பினதில்லையே.

பழைய_ஹப்காரர்
உங்க லேபிள்ல பார்கோடு பெருசா இருக்கலாம் தம்பி. பெரிய பார்கோடு வீக்கத்தைத் தாங்கும். சின்னதா இருந்தா தாங்காது. மல்லிகாம்மாவுக்கு வரப்போறது அந்தப் பிரச்சனைதான். அம்மா, உங்க ஆப் குடுக்கற பிடிஎஃப் ஏ4 அளவா, இல்லை 4க்கு 6 இஞ்சா?

கொழிஞ்சை_மல்லிகா
ஏ4 தாங்க. ஒரு மூலையில லேபிள் இருக்கும், மிச்சம் வெள்ளை. பார்கோடு எண்ணு 14 இலக்கம்.

பழைய_ஹப்காரர்
அதை அப்படியே தெர்மலுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு கணக்குப் போட்டுப் பாப்போம்.

கூரியர்காரங்க பெரும்பாலும் போடறது `Code 128`ங்கற பார்கோடு வகை. 14 இலக்கத்தை ரெண்டு ரெண்டா ஏழு ஜோடியா அடைக்கும். தொடக்கம், சரிபார்ப்பு, முடிவு எல்லாம் சேர்த்தா 112 கட்டம் அகலம், கட்டம்னா இருக்கறதுலயே மெல்லிசுக் கோட்டோட அகலம். ஒரு கட்டத்துக்கு 3 புள்ளின்னா 336 புள்ளி, 42 மில்லிமீட்டர். அருமையாப் படிக்கும்.

ஏ4 அகலம் 210 மில்லிமீட்டர். 4 இஞ்சுன்னா 102 தான். பிரிண்ட் திரையில `Fit` இருந்தா மொத்தப் பக்கமும் பாதிக்கும் கீழ சுருங்கும். 42 மில்லிமீட்டர் பார்கோடு 20 ஆயிரும். ஒரு கட்டத்துக்கு ஒண்ணரைப் புள்ளிக்கும் கொஞ்சம் குறைவு. அரைப் புள்ளி அடிக்கத் தலையால முடியாது. அதனால ஒரே அகலமா இருக்க வேண்டிய கோடுகள்ல சிலது ஒரு புள்ளி, சிலது ரெண்டு புள்ளின்னு வந்து நிக்கும். கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கும், ஸ்கேனருக்குப் பிடிபடாது. "புது பிரிண்டர், ஆனா ஸ்கேன் ஆகல"ன்னு என்கிட்ட வர்றதுல பாதிக்கு மேல இதுதான். பிரிண்டர் மேல தப்பே இருக்காது.

ஆப்ல லேபிள் அளவுன்னு ஒரு அமைப்பு இருக்கும், அதுல 4க்கு 6ஐத் தேர்ந்தெடுங்க. பிரிண்டர் டிரைவர்லயும் பேப்பர் அளவை 100 x 150 மில்லிமீட்டர் ஆக்குங்க. பிரிண்ட் திரையில `Actual size`. இந்த மூணும் சரியா இருந்தா இஞ்சுக்கு 203 புள்ளி அடிக்கற 203 டிபிஐ பிரிண்டரே போதும், 300க்குக் கூடுதல் காசு தர வேண்டாம்.

அடிச்சதும் போன்ல ஸ்கேன் பண்ணிப் பாத்து நிம்மதியாயிராதீங்க. போன் கிட்டக்க, நேரா, நல்ல வெளிச்சத்துல நிதானமாப் படிக்குது. ஹப்புல பெட்டி கோணலா வரும், ஆள் அவசரத்துல இருப்பான். போன் தட்டுத்தடுமாறிப் படிச்சா அங்கே படிக்காதுன்னே வெச்சுக்கங்க. ஒரு ஸ்கேல் எடுத்து பார்கோடு அகலத்தை அளந்து பாக்கறது இதைவிட நல்ல சோதனை.

கொழிஞ்சை_மல்லிகா
ரொம்ப நன்றிங்க. செலவுக் கணக்கு நான் போட்டது இது. கையில எழுதினா பேப்பர், மார்க்கர், டேப் எல்லாம் சேர்த்து லேபிளுக்கு ஒரு ரூபாய்க்குப் பக்கம். கடையில ஏ4 ஒரு பக்கம் 3 ரூபாய், அது போக டேப். தெர்மல் லேபிள் 90 காசு, டேப் வேண்டாம். திரும்பி வர்ற பார்சல் ஒண்ணுக்குச் சரக்கு 350, அனுப்பற கூலி 80, ஆக 430 நட்டம். மாசம் ரெண்டு மூணு திரும்புது. 7,500ஐ 430ஆல வகுத்தா 17, 18 பார்சல். ஏழெட்டு மாசத்துல போட்ட காசு வந்துருமே?

கவுண்டர்_அக்கா
எல்லாம் லேபிளால திரும்பினதா மல்லிகா? வீடு பூட்டியிருந்தது, வாங்க மறுத்தது எல்லாம் இதுல சேராதே. பார்சல் மேல காரணம் எழுதியிருப்பாங்க, அதைப் பாருங்க.

கொழிஞ்சை_மல்லிகா
நீங்க சொன்னப்புறம் எடுத்து வெச்சிருக்கற போட்டோவைப் பாத்தேன். பெரும்பாலும் "ஆள் இல்லை", "போன் எடுக்கலை"தான். லேபிளால திரும்பினதுன்னா மாசம் ஒண்ணு கூட இல்லை. அப்போ என் கணக்கு நிக்காது.

பழைய_ஹப்காரர்
அதை விட்டுட்டு கூரியர் பாதியைப் பாருங்க. மாசம் 125 லேபிள், இப்போ 3 ரூபாயும் டேப்பும், சுமார் மூணரை. தெர்மல்ல 90 காசு. மிச்சம் லேபிளுக்கு ரெண்டரை ரூபாய்க்குப் பக்கத்துல, மாசத்துக்கு 320ன்னு வெச்சுக்கங்க. பிரிண்டர் காசு வர ரெண்டு வருஷம் ஆகும். காசை மட்டும் பாத்தா அவசரம் இல்லை. கடைக்குப் போற நேரமும், கடை பூட்டின அன்னைக்கு நிக்கற பார்சலும் உங்களுக்கு எவ்வளவு பெருசுன்னு நீங்கதான் சொல்லணும். தலை தேயுமேன்னு பயப்பட வேண்டாம். பல மாடல்ல 30 கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க, 150 மில்லிமீட்டர் லேபிள்னா ரெண்டு லட்சம் லேபிள்.

நகரி_சேலை
நேரத்தைக் குறைச்சு எடை போடாதீங்க. வாட்ஸ்அப்ல வந்த விலாசத்தை அப்படியே காப்பி பண்ணி ஒட்டிட்டா எழுதற வேலையே இல்லை. எழுதறப்ப வர்ற தப்பும் இல்லை. உங்க மக படிக்கற புள்ளைதானே?

கவுண்டர்_அக்கா
காப்பி பண்ணினா எழுத்துப்பிழை வராது, வாடிக்கையாளர் தப்பாக் குடுத்த பின்கோடு அப்படியே அழகா அச்சாயிரும். அழகா இருக்கறதால யாரும் சந்தேகப்படவும் மாட்டாங்க. ஊர்ப்பேரையும் பின்கோடையும் ஒரு தடவை ஒத்துப் பாத்துட்டுத்தான் அடிக்கணும்.

பழைய_ஹப்காரர்
இன்னொண்ணு விட்டுப் போச்சு, சிப்ஸ் விக்கறவங்களுக்கு அதுதான் முக்கியம். தெர்மல் எழுத்து தண்ணியில கரையாது, ஆனா எண்ணெய்க்கு ஆகாது. தேங்கா எண்ணெய்க் கையோட லேபிளைத் தொட்டா, அந்த இடம் கொஞ்ச நாள்ல சாம்பலாயிரும். பாக்கெட் கசிஞ்சு அட்டைப்பெட்டி வழியா எண்ணெய் ஊறினா பார்கோடு அடியிலிருந்தே வெளுக்கும். வெயில்ல நிக்கற வண்டியோட கண்ணாடிக்குக் கீழ வெச்சா லேபிள் பூரா கறுக்கும். வெறும் ரோல் வாங்கறப்ப நகத்தால ஒரு கோடு கிழிச்சுப் பாருங்க. சாதா தெர்மல் பேப்பர்ல உரசின சூட்டுக்கே கருப்புக் கோடு விழும். மேல பாதுகாப்புப் பூச்சு இருக்கறதுல லேசாத்தான் விழும். அந்தப் பூச்சு போட்டது கொஞ்சம் விலை கூட, உங்க சரக்குக்கு அதுதான் வேணும்.

வாளையார்_செந்தில்
அதுக்குத்தானே அண்ணா டேப் ஒட்டச் சொன்னேன்.

பழைய_ஹப்காரர்
டேப் சுருங்கி மடிப்பு விழுந்தா பார்கோடு போச்சு. பளபளப்புல ஸ்கேனர் வெளிச்சம் திருப்பி அடிக்கும். சில டேப்போட பசையே எழுத்தை வெளுக்க வெச்சிரும்.

வாளையார்_செந்தில்
வெளுக்க நாளாகுமே. பார்சல் நாலஞ்சு நாள்ல போய்ச் சேர்ந்துருது. எங்க வாளையார் மழையில டேப் இல்லாம குடுத்தா லேபிள் பேப்பரே ஊறி உரிஞ்சு வந்துருது. நான் ஒட்டறதை விடமாட்டேன்.

நகரி_சேலை
நாங்க விலாசத்து மேல மட்டும் டேப் போட்டுட்டு, பார்கோடை அப்படியே விட்டுர்றோம். எங்களுக்குச் சரியாப் போகுது. ஆனா எங்க பக்கம் மழை உங்க அளவுக்குக் கிடையாது.

குமுளி_ஏலம்
என் 2 இஞ்சு பிரிண்டர் விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே.

பழைய_ஹப்காரர்
பில் பிரிண்டர் லேபிளோட இடைவெளியைக் கண்டுபிடிக்காதுங்க, ஸ்டிக்கர் ரோல் போட்டா எழுத்து நகர்ந்துக்கிட்டே போகும். அது போக, பாக்கெட் லேபிள் மாசக்கணக்குல கடையில இருக்கணும். அதுக்கு ரிப்பன் போட்டு அடிக்கற பிரிண்டர் வேணும். தனியா ஒரு பதிவு போடுங்க, அங்கே பேசுவோம்.

கொழிஞ்சை_மல்லிகா
செந்தில் தம்பிகிட்ட ஒரு லேபிள் வாங்கி, சிப்ஸ் வறுத்த கையால பாதியைத் தொட்டு, பெட்டியில ஒட்டி மாடிச் சுவர் ஓரம் வெச்சேன். தொடாத பாதி அப்படியே இருக்கு. தொட்ட இடத்துல விரல் ரேகை அளவுக்கு எழுத்து வெளிறி, பார்கோடுல ரெண்டு மூணு கோடு சாம்பலா நிக்குது. போன் படிக்கவே இல்லை.

ஸ்பீட் போஸ்ட் பாதிக்கு இப்போதைக்கு மார்க்கர்லயே எழுதறோம், பின்கோடு தனி வரியில. கூரியருக்குப் பிரிண்டர் வாங்கறதுன்னு வீட்ல பேசி வெச்சிருக்கு. லேபிள் ஒட்டறதை வறுக்கற ரூம்ல இல்லாம முன் திண்ணையில வெச்சுக்கலாம்னு இருக்கோம். ஹப்கார அண்ணா, பூச்சு போட்ட ரோல் பொள்ளாச்சியில கிடைக்குமாங்க? ஒரே ஒரு ரோல் தருவாங்களா, பெட்டியாத்தான் வாங்கணுமா?

பழைய_ஹப்காரர்
ஒரு ரோலாவே கிடைக்கும்மா. வாங்கறப்ப நடுவுல இருக்கற உருளையோட விட்டத்தைக் கேட்டுக்கங்க. சின்ன பிரிண்டருக்கு 1 இஞ்சு உருளை, பெரிய பிரிண்டருக்கு 3 இஞ்சு. மாத்தி வாங்கினா மாட்ட முடியாது. மடிச்சு அடுக்கின கட்டாவும் வருது, அதுக்கு உருளையே வேண்டாம், பிரிண்டர் பின்னாடி வெச்சு இழுத்துக்கலாம்.